இரண்டாயிரம் ரூபாய் அறிவிப்பு: சில குறிப்புகள்

அலுவலக நடையில் வந்த ஒரு செய்திக்குறிப்பைத் தெருக்காரர்கள் வாட்ஸ்அப்பில் படித்துப் புரிந்துகொள்ளும் பதிவாக மாற்றுவது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு அறிவிப்பைத்தான் எடுத்துக் காட்டுவேன். 2023 மே 19, வெள்ளிக்கிழமை, இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுவது பற்றி ரிசர்வ் வங்கி வெளியிட்டது அது. சிறிய குறிப்புதான். ஆனால் இந்த வேலையில் தடுக்கி விழக்கூடிய இடங்கள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன.

அந்தக் குறிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 24(1) பிரிவின்படி 2016 நவம்பரில் இந்த நோட்டு அறிமுகமானது. அப்போது செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளின் இடத்தை விரைவாக நிரப்புவது நோக்கம். மற்ற நோட்டுகள் போதிய அளவு வந்ததும் அந்த நோக்கம் நிறைவேறியது. 2018-19இல் அச்சடிப்பு நின்றது. அடுத்த பத்தி புள்ளிவிவரம். அதற்கும் அடுத்தது, பழைய நோட்டுகளைக் களைந்து தரமான நோட்டுகளை மக்களிடம் வைத்திருக்கும் கொள்கை. முடிவு அதன் பிறகுதான் வருகிறது. நோட்டு தொடர்ந்து சட்டப்படி செல்லும் என்பது அதையும் தாண்டி வருகிறது.

எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. ஒரு நிறுவனம் முதலில் தன் அதிகாரத்தையும் காரணத்தையும் சொல்லிவிட்டு முடிவைச் சொல்வது அலுவலக முறை. நாளைக்கு வழக்கு வந்தாலும் நிற்க வேண்டிய தாள் அது. ஆனால் அரிசி டப்பாவுக்குள் நான்கு நோட்டு வைத்திருக்கும் அம்மாவுக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு: இது இன்னும் பணம்தானா, நான் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள்? அவருக்காக எழுதுபவர் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வரிசையை மட்டும். உள்ளே இருக்கும் எதையும் கீழே போட்டுவிடக் கூடாது.

*

எழுத உட்காரும் முன் நான் செய்வது, குறிப்பில் உள்ள தகவல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்வது. அழகு பார்ப்பதில்லை. யார், யாருக்கு, என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன நிபந்தனை. பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்துக்கொள்வேன்: குறிப்பு சொல்லாமல் விட்டது என்ன. இந்த இரண்டாம் பத்திதான் பிறகு மிகவும் உதவும்.

இந்த அறிவிப்போடு கேள்வி பதில் வடிவில் ஒரு தனித் தாளையும் ரிசர்வ் வங்கி அன்றே வெளியிட்டது. அதைப் படிக்காமல் பதிவு எழுதியவர்கள் பாதியைத்தான் எழுதியிருப்பார்கள். வங்கியில் கணக்கே இல்லாதவரும் எந்தக் கிளையிலும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிரமமில்லாமல் வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தன. எளியவருக்கு மிகவும் தேவையான தகவல் பல சமயம் இணைப்பில்தான் கிடக்கிறது.

*

ஒரே குறிப்பு இரண்டு பேரிடம் பேசுகிறது. வங்கிகளிடம் பேசும்போது அது உத்தரவு: 2000 ரூபாய் நோட்டு கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். பொதுமக்களிடம் பேசும்போது அது வேண்டுகோள்: உங்களிடம் உள்ள நோட்டுகளைக் கணக்கில் போடுங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள், செப்டம்பர் 30 வரை வங்கிகள் அதற்கு வசதி செய்து தரும்.

சுருக்கி எழுதுகிற அவசரத்தில் இந்த இரண்டும் ஒட்டிக்கொள்ளும். “2000 ரூபாய் நோட்டைக் கொடுக்கவோ வாங்கவோ ரிசர்வ் வங்கி தடை” என்று ஒரு வரி பிறந்துவிடும். அதைப் படிக்கும் மளிகைக்கடைக்காரர் மறுநாள் நோட்டை வாங்க மறுப்பார். வங்கி கொடுக்காது என்பது உண்மை. கடைக்காரர் வாங்கக் கூடாது என்பது குறிப்பில் எங்கும் இல்லை. கேள்வி பதில் தாள் அதற்கு நேர்மாறாக, வழக்கமான கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்தலாம், பிறர் தந்தால் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது.

அலுவலகத் தமிழில் எல்லாமே செயப்பாட்டு வினையில் நிற்கும். நிறுத்தப்படுகிறது, அறிவுறுத்தப்படுகிறது, கேட்டுக்கொள்ளப்படுகிறது. நட்பாக எழுத வேண்டுமென்றால் இவற்றை உடைத்து ஆளைக் கொண்டுவர வேண்டும். அப்போது யாருக்கு உத்தரவு, யாருக்கு வேண்டுகோள் என்று நாமே முடிவு செய்ய வேண்டியதாகிறது. தவறு நுழைவது இந்த இடத்தில்தான். ஆகவே பிய்த்தெடுத்த பட்டியலில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ‘வங்கி’ என்றோ ‘மக்கள்’ என்றோ எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை.

*

படிப்பவர் மனதில் ஏற்கெனவே என்ன பயம் இருக்கிறது என்பதும் பதிவு எழுதுபவர் அறிய வேண்டிய தகவலே. 2016 நவம்பர் 8 இரவு யாருக்கும் மறக்கவில்லை. அன்று நள்ளிரவோடு 500, 1000 நோட்டுகள் சட்டப்படி செல்லாமல் போயின. ஆறரை ஆண்டு கழித்து ‘நோட்டு’, ‘திரும்பப் பெறுதல்’ என்ற சொற்கள் காதில் விழுந்ததும் பலர் கேட்டது அந்தப் பழைய அறிவிப்பைத்தான். எனவே இந்தப் பதிவின் முதல் வரியில் “இன்னும் செல்லும்” என்பதுதான் நிற்க வேண்டும். இரண்டாம் வரியில் வைத்தால்கூடத் தாமதம். பகிரும்போது முன்னோட்டமாகத் தெரிவது முதல் வரி மட்டும்தான்.

*

எண்களுக்கு வருகிறேன்.

மாற்றிக்கொள்ளும் வரம்பு ‘ஒரு தடவைக்கு’ 20,000 ரூபாய். குறிப்பில் இருப்பது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு என்று இல்லை. ஒருவருக்கு என்று இல்லை. ஆனால் கை பழகிய வழியில் எழுதினால் ‘தினமும் 20,000 வரை’ என்று வந்துவிடும், ஏனென்றால் நமக்குப் பழக்கமான வங்கி வரம்புகள் ஏடிஎம் வரம்பு போல நாள் கணக்கில் இருப்பவை. இதே விஷயத்தில் நாள் கணக்கு வரும் இடமும் ஒன்று உண்டு. கிராமத்துக்கு வரும் வங்கி முகவர் மூலம் மாற்றினால், கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் வரை மாற்றலாம். ஒன்று தடவைக் கணக்கு, மற்றது நாள் கணக்கு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் படிப்பவர் கட்டாயம் குழம்புவார். தனித்தனி வாக்கியம் கொடுங்கள். 20,000 என்றால் பத்து நோட்டு, 4,000 என்றால் இரண்டு நோட்டு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பீரோவைத் திறப்பவர் எண்ணப்போவது தாள்களைத்தான்.

தொடக்கத் தேதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாற்றுவது மே 23 முதல். கணக்கில் போடுவதற்கு அப்படித் தனித் தொடக்கத் தேதி இல்லை, வழக்கம்போல் போடலாம். “மே 23 முதல் செப்டம்பர் 30 வரை வங்கியில் கொடுக்கலாம்” என்று ஒரே மூச்சில் எழுதினால் சுருக்கம் கிடைக்கும், ஒரு தகவல் போய்விடும். 22ஆம் தேதி கணக்கில் போட வந்திருக்கக்கூடியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

தேதியோடு கிழமையைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழக்கம். மே 23 செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 30 சனிக்கிழமை. சனிக்கிழமை என்றதும் வங்கி இருக்குமா என்ற கேள்வி எழும். இரண்டாம், நான்காம் சனிதான் விடுமுறை. இது அந்த மாதத்தின் ஐந்தாம் சனி. கிழமை மூலக்குறிப்பில் இல்லாதது என்பதால், சேர்க்கும் முன் நாள்காட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். நாம் சேர்ப்பதற்கு நாமே பொறுப்பு.

தோராயத்தைத் தோராயமாகவே வைக்க வேண்டும். புழக்கத்தில் இருந்த 2000 நோட்டுகளில் ‘சுமார் 89 சதவீதம்’ 2017 மார்ச்சுக்கு முன் வெளியிடப்பட்டவை, அவற்றின் ஆயுள் நான்கைந்து ஆண்டு என்பது மதிப்பீடு என்கிறது குறிப்பு. இதை “கிட்டத்தட்ட எல்லா நோட்டும் ஆயுள் முடிந்தவை” என்று இளக்கினால் 11 சதவீதம் காணாமல் போகிறது, மதிப்பீடு உறுதியாகிவிடுகிறது. ‘சுமார்’ என்ற சொல்லுக்கு இடம் கொடுக்க முடியாத அளவுக்கு எந்தப் பதிவும் சிறியது இல்லை.

*

நிபந்தனை வாக்கியம்தான் இருப்பதிலேயே கடினமானது. கணக்கில் போடுவது கட்டுப்பாடின்றி, ஆனால் நடைமுறையிலுள்ள விதிகளுக்கும் சட்டங்களுக்கும் உட்பட்டது என்கிறது குறிப்பு. முதல் பாதி இனிப்பாக இருப்பதால் பதிவில் ஏறிவிடும். இரண்டாம் பாதி அலுவலக வாசனை அடிப்பதால் விழுந்துவிடும். விழுந்தால் பொய்யாகிவிடும்.

அப்படியே எழுதினாலும் யாருக்கும் பயனில்லை. ‘நடைமுறையிலுள்ள விதிகள்’ என்றால் என்ன என்று படிப்பவர் எங்கே போய்த் தேடுவார்? இங்கே நாம் கொஞ்சம் உழைத்து, பலரையும் தொடக்கூடிய இரண்டு விதிகளை வெளியே எடுத்து வைக்கலாம். ஒரே நாளில் 50,000 ரூபாயைத் தாண்டி ரொக்கம் போட்டால் பான் எண் கேட்பார்கள். ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கு அவற்றுக்கே உரிய வரம்புகள் உண்டு. இரண்டும் முன்பே இருந்தவை, இந்த அறிவிப்பு புதிதாகக் கொண்டுவந்தவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விதி என்று தொனிக்காமல் “வழக்கமான விதிகள் தொடரும், உதாரணமாக” என்று தொடங்குவது பாதுகாப்பு.

*

பதிவை இப்படி எழுதுவேன். மே 20 காலையில் உட்கார்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

> உங்களிடம் உள்ள 2000 ரூபாய் நோட்டு இன்னும் செல்லும். கடையில் கொடுக்கலாம், பிறர் தந்தால் வாங்கிக்கொள்ளலாம்.
>
> ஆனால் ரிசர்வ் வங்கி இந்த நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுகிறது. வங்கிகள் இனி இதை யாருக்கும் கொடுக்காது. உங்களிடம் இருப்பவற்றை 2023 செப்டம்பர் 30, சனிக்கிழமைக்குள் வங்கியில் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறது. நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது.
>
> கொடுக்க இரண்டு வழி.
>
> உங்கள் கணக்கில் போடலாம். இதற்குப் புதிய வரம்பு இல்லை. வழக்கமான விதிகள் தொடரும். உதாரணமாக, ஒரே நாளில் 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் எண் தேவை, ஜன்தன் கணக்குக்கு அதன் வரம்பு உண்டு.
>
> வேறு நோட்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். மே 23, செவ்வாய்க்கிழமை முதல், எந்த வங்கிக் கிளையிலும், ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை (10 நோட்டு). அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. கட்டணம் இல்லை. நோட்டு வெளியீட்டுப் பிரிவு உள்ள ரிசர்வ் வங்கியின் 19 வட்டார அலுவலகங்களிலும் அன்று முதல் இதே வரம்பில் மாற்றலாம். சென்னை அலுவலகம் அவற்றில் ஒன்று.
>
> வங்கி முகவர் மூலம் மாற்றினால், கணக்கு உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் வரை (2 நோட்டு).
>
> முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வங்கிகள் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். வங்கி மறுத்தால் முதலில் அந்த வங்கியிடமே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.
>
> ஏன் திரும்பப் பெறுகிறார்கள்? 2016 நவம்பரில் 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போனபோது, பணத் தேவையை விரைவாக ஈடுகட்ட ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, பிரிவு 24(1)இன்படி வந்த நோட்டு இது. அந்த நோக்கம் நிறைவேறி 2018-19இல் அச்சடிப்பு நின்றது. சுமார் 89 சதவீத நோட்டுகள் 2017 மார்ச்சுக்கு முன் வெளியானவை. நான்கைந்து ஆண்டு என மதிப்பிட்ட ஆயுளின் முடிவில் இருக்கின்றன. 2018 மார்ச் 31இல் 6.73 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலும், புழக்கத்திலுள்ள நோட்டுகளில் 37.3 சதவீதமாகவும் இருந்தவை, 2023 மார்ச் 31இல் 3.62 லட்சம் கோடியாகவும் 10.8 சதவீதமாகவும் குறைந்துவிட்டன. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் இந்த நோட்டு அதிகம் பயன்படுவதும் இல்லை. தரமான நோட்டுகளே மக்களிடம் இருக்க வேண்டும் என்ற கொள்கைப்படி இந்த முடிவு. 2013-14இலும் இப்படி ஒருமுறை நோட்டுகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள்.
>
> (ரிசர்வ் வங்கியின் 2023 மே 19 அறிவிப்பு, அதனுடன் வந்த கேள்வி பதில் தாள் ஆகியவற்றின்படி. பான் விதி வருமான வரி விதிகளிலிருந்து.)

காரணப் பத்தியை அடியில் வைத்தேன், ஆனால் வைத்தேன். பலர் அதை முழுவதும் வெட்டிவிடுவார்கள். வெட்டினால், ‘ஏன் திடீரென்று’ என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் ஆளாளுக்கு ஒரு காரணம் கற்பிப்பார்கள். பிரிவு எண்ணையும் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, சரிபார்க்க விரும்பும் ஒருவருக்கு அது கைப்பிடி.

*

“கவலை வேண்டாம்” என்று முதலில் எழுதிப் பிறகு எடுத்துவிட்டேன். அந்த ஆறுதலைக் குறிப்பு சொல்லவில்லை, அது என் ஊகம். “இன்னும் செல்லும்”, “நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது” ஆகிய இரண்டு தகவலும் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. நட்பு என்பதற்காக நாம் தூவும் சொற்கள் பலவும் ஒளிந்திருக்கும் தகவல்கள். ‘எளிதாக மாற்றலாம்’ என்றால் வரிசை இருக்காது என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். ‘உடனே வங்கிக்குப் போங்கள்’ என்றால், 23ஆம் தேதிக்கு முன் மாற்ற முடியாதவரை அலைய விடுகிறோம். ‘கடைசி வாய்ப்பு’ என்றால் அது இன்னும் பெரிய கோளாறு, அதற்கு வருகிறேன்.

அடையாள அட்டை விஷயமும் இதே சாதி. 20,000 வரை மாற்ற அடையாள அட்டை வேண்டுமா என்று அறிவிப்பு சொல்லவில்லை. இரண்டு நாளில் ஸ்டேட் வங்கி, படிவமும் அடையாளச் சான்றும் தேவையில்லை என்று தன் கிளைகளுக்குத் தெரிவித்தது. இதைப் பதிவில் சேர்க்கலாம், ஆனால் “ஸ்டேட் வங்கி தன் கிளைகளுக்குச் சொல்லியிருப்பது” என்றுதான். பெயரை விட்டுவிட்டால் எல்லா வங்கிக்கும் பொருந்தும் விதியாகிவிடும். ஒரு வங்கி சொன்னதை நம்பி இன்னொரு வங்கி வரிசையில் நின்று திரும்புபவரின் அரை நாள் கூலிக்கு யார் பொறுப்பு?

*

பதிவு சரியா என்று பார்க்க, மூலக்குறிப்பைப் படிக்காத ஒருவரிடம் பதிவை மட்டும் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்வேன். கேள்வி இப்படி: உங்களிடம் 30 நோட்டு, அதாவது 60,000 ரூபாய் இருக்கிறது, வங்கிக் கணக்கு உண்டு, இன்று மே 22, திங்கள். என்னென்ன செய்யலாம்?

சரியான பதில்: கணக்கில் இன்றே முழுவதும் போடலாம், 50,000 தாண்டுவதால் பான் எண் கேட்பார்கள். மாற்ற வேண்டுமென்றால் நாளை முதல், பத்துப் பத்தாக மூன்று தடவை. எதுவும் செய்யாமல் மளிகைக்கடையில் கொடுத்தாலும் பணம் பணம்தான். மூன்று தடவையையும் ஒரே நாளில் செய்யலாமா என்று அவர் கேட்டால், அதை அறிவிப்பு சொல்லவில்லை, வங்கியிடம் கேளுங்கள் என்பதே பதில். “மூன்று நாள் ஆகும்” என்று அவர் சொன்னால், என் வாக்கியத்தில் எங்கேயோ நாள் கணக்கு நுழைந்திருக்கிறது என்று பொருள். அந்த வரியைத் திருத்துவேன்.

கணக்கே இல்லாத பாட்டி, முகவர் மட்டுமே வரும் ஊர் என்று ஆளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். கணக்கைப் போடச் சொன்னால்தான் விடுபட்டது தெரியும். அதன் பிறகு என் பட்டியலை எடுத்து, பதிவிலிருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் நேரே கோடிடுவேன். கோடு விழாத வரி பட்டியலில் இருந்தால் தகவல் விடுபட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத வரி பதிவில் இருந்தால், அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல முடிய வேண்டும்.

*

சொல்லாமல் விட்டவை என்ற பத்தி பிறகு உதவும் என்றேன். அதில் முதல் வரி: செப்டம்பர் 30க்குப் பிறகு என்ன ஆகும்?

மே 19 அறிவிப்பு அதைச் சொல்லவில்லை. வங்கிகள் அதுவரை வசதி தரும் என்றது, நோட்டு தொடர்ந்து சட்டப்படி செல்லும் என்றது. அந்த இடைவெளியை நிரப்பும் ஆசை பதிவு எழுதுபவருக்கு நிறைய வரும். “அதன் பிறகு வெறும் காகிதம்” என்று எழுதினால் வாக்கியம் நன்றாக முடியும், மக்கள் அவசரமாக வேலையைச் செய்வார்கள். ஆனால் அது அறிவிப்பில் இல்லை.

நடந்தது என்ன? செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி இன்னொரு குறிப்பு வெளியிட்டது. மே 19இல் புழக்கத்தில் இருந்த 3.56 லட்சம் கோடியில் 3.42 லட்சம் கோடி, அதாவது 96 சதவீதம், செப்டம்பர் 29 வரை திரும்பிவிட்டது. காலக்கெடு அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்படுகிறது. அக்டோபர் 8 முதல் வங்கிக் கிளைகள் வாங்காது, அந்த 19 அலுவலகங்களில் மட்டும் தொடரும். நோட்டு தொடர்ந்து செல்லும். ‘வெறும் காகிதம்’ என்று எழுதியிருந்தால், டப்பாவின் அடியில் கண்டெடுத்த ஒரு நோட்டை யாராவது தூக்கி எறிந்திருக்கக்கூடும்.

பழைய பதிவு இந்தக் கட்டத்தில் ஆபத்தாகிவிடுகிறது. ‘எந்த வங்கிக் கிளையிலும்’ என்ற வரி அக்டோபர் 7 வரை உண்மை, 8ஆம் தேதி பொய். ‘இதற்குப் புதிய வரம்பு இல்லை’ என்பதை அடுத்து வரும் நிபந்தனையும் மாறியது: புதிய ஏற்பாட்டில் செல்லுபடியாகும் அடையாள ஆவணம் தர வேண்டும். எனவே பதிவின் தலையில் அது எழுதிய தேதி இருக்க வேண்டும். புதிய குறிப்பு வந்ததும், பழைய பதிவின் அடியில் ஒட்டுப்போடாமல் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். ஒட்டுப்போட்டால் பகிர்பவர் மேல்பாதியை மட்டும் நகலெடுத்து அனுப்பிவிடுவார்.

அக்டோபர் 8ஆம் தேதிப் பதிவின் முதல் வரிகள் இப்படி வந்திருக்க வேண்டும்:

> 2023 அக்டோபர் 8 நிலவரம். 2000 ரூபாய் நோட்டு இன்னும் சட்டப்படி செல்லும். ஆனால் வங்கிக் கிளைகள் இனி கணக்கில் போடவும் மாற்றவும் வாங்காது. ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் (தமிழ்நாட்டில் சென்னை) ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம், அல்லது எவ்வளவு தொகையானாலும் உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கக் கொடுக்கலாம். அடையாள ஆவணம் கொண்டுபோங்கள். சென்னைக்குப் போக முடியாதவர்கள் இந்தியாவுக்குள் எங்கிருந்தும் அஞ்சல் மூலம் அந்த அலுவலகங்களில் ஏதாவது ஒன்றுக்கு நோட்டுகளை அனுப்பலாம். தொகை உங்கள் கணக்கில் வரவாகும்.